விலை ஒப்பந்தத்திலிருந்து விலைத் தாளுக்கு

ரேட் கான்ட்ராக்ட் எனப்படும் விலை ஒப்பந்தம், ஒரு சப்ளையர் குறிப்பிட்ட காலம் முழுவதும் குறிப்பிட்ட விலையில் பொருள் தருவதாக ஒப்புக்கொள்ளும் ஆவணம். மருத்துவமனைகள், கல்லூரி விடுதிகள், தொழிற்சாலைகள், அரசுத் துறைகள் என அடிக்கடி ஒரே பொருளை வாங்கும் எல்லா இடங்களிலும் இது உண்டு. இந்திய அரசு அலுவலகங்களுக்காகப் பல ஆண்டுகள் இத்தகைய ஒப்பந்தங்களைப் போட்டுவந்த டிஜிஎஸ் அண்ட் டி இயக்ககம் 2017 அக்டோபர் 31 அன்று மூடப்பட்டது. அந்தப் பொருட்களை வாங்கும் வழி 2016இல் தொடங்கிய ஜெம் இணையச் சந்தைக்கு மாறியது. தனியார் நிறுவனங்களிலோ பழைய முறையே தொடர்கிறது: சப்ளையர் தரும் கொட்டேஷன், பேரத்துக்குப் பின் கையெழுத்தான ஒப்பந்தம், அதன் பின்னிணைப்பாக விலைப் பட்டியல், இடையில் அவ்வப்போது வரும் திருத்தக் கடிதங்கள்.

இந்த ஒப்பந்தத்தில் பொதுவாக எவ்வளவு வாங்கப்படும் என்ற உறுதி இருக்காது. விலை மட்டுமே நிலையானது. தேவை ஏற்படும்போது பர்ச்சேஸ் ஆர்டர் போடப்படும்; அப்போதுதான் வாங்கும் கடமை பிறக்கிறது. ஆகவே ஆர்டர் போடுபவர் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்விக்கு விடை தேட வேண்டியிருக்கிறது: இன்றைய தேதியில், இந்த அளவுக்கு, இந்தப் பொருளின் விலை என்ன? அதற்காக நாற்பது பக்க ஒப்பந்தத்தை ஒவ்வொரு தடவையும் புரட்ட முடியாது. அதனால்தான் ஒப்பந்தங்களில் உள்ள விலை, செல்லுபடிக் காலம், குறைந்தபட்ச ஆர்டர் அளவு மூன்றையும் எடுத்து எக்செல் தாளில் வைத்துக்கொள்கிறார்கள்.

எடுப்பது எளிய வேலைபோலத் தோன்றும். தவறு பெரும்பாலும் எண்ணைப் பார்த்து எழுதுவதில் நேர்வதில்லை. எண்ணோடு சேர்ந்த நிபந்தனையை ஒப்பந்தத்திலேயே விட்டுவருவதில்தான் நேர்கிறது. 180 ரூபாய் என்பது தனியாக விலை ஆகாது. எத்தனைக்கு 180, எந்த நாள் முதல் எந்த நாள் வரை 180, எவ்வளவு வாங்கினால் 180 என்ற மூன்றும் சேர்ந்தால்தான் அது விலை.

ஒரு கையுறை ஒப்பந்தம்

நடுத்தர அளவிலான ஒரு மருத்துவமனை, பரிசோதனைக்கான ரப்பர் கையுறைகளுக்கு ஒப்பந்தம் போட்டிருப்பதாக வைத்துக்கொள்ளலாம். பின்னிணைப்பில் உள்ள வரி இது: "லேட்டக்ஸ் கையுறை, நடுத்தர அளவு, பெட்டி ஒன்றுக்கு ரூ.180, பெட்டியில் 100 எண்ணம், அட்டைப்பெட்டிக்கு 10 பெட்டி. 20 அட்டைப்பெட்டியும் அதற்கு மேலும் வாங்கினால் ரூ.172." நிபந்தனைப் பகுதியின் மூன்றாம் பிரிவு, விலை 2025 ஏப்ரல் 1 முதல் ஓராண்டுக்குச் செல்லும் என்றும், இரு தரப்பும் சம்மதித்தால் மூன்று மாதம் நீட்டிக்கலாம் என்றும் சொல்கிறது. ஏழாம் பிரிவில், ஒரு பொருளுக்குக் குறைந்தது 5 அட்டைப்பெட்டி வாங்க வேண்டும், ஆர்டரின் மொத்த மதிப்பு ரூ.15,000க்குக் குறையக் கூடாது என்று இருக்கிறது. செப்டம்பரில் வந்த திருத்தக் கடிதம், 2025 அக்டோபர் 1 முதல் போடப்படும் ஆர்டர்களுக்கு 180 ரூபாய் 188 ஆகவும் 172 ரூபாய் 180 ஆகவும் உயர்வதாக அறிவிக்கிறது.

ஒரே பொருள்தான். ஆனால் விலைச் செய்தி நான்கு இடங்களில் சிதறிக் கிடக்கிறது. ஆகவே முதல் வேலை, ஒப்பந்தத்தோடு தொடர்புள்ள எல்லாத் தாள்களையும் ஓரிடத்தில் சேர்த்துத் தேதிவாரியாக அடுக்குவது. முகப்புக் கடிதம், நிபந்தனைகள், பின்னிணைப்பு, திருத்தங்கள் ஆகியவற்றில் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் எது மேலோங்கும் என்பதைப் பெரும்பாலும் நிபந்தனைப் பகுதியே சொல்லிவிடும். எண்ணால் எழுதிய தொகையும் எழுத்தால் எழுதிய தொகையும் வேறுபட்டால் எழுத்தே செல்லும் என்ற விதியும் பல ஒப்பந்தங்களில் உண்டு. இந்த வரிகளை முதலிலேயே படித்துவிட்டால் பின்னால் வரும் பாதிக் குழப்பங்கள் எழாது.

அலகு

பின்னிணைப்பில் விலை பெட்டிக் கணக்கில் இருக்கிறது. அளவு அட்டைப்பெட்டிக் கணக்கில் இருக்கிறது. மருத்துவமனையின் ஸ்டோரோ வார்டுகளுக்கு ஜோடிக் கணக்கில் கொடுக்கிறது. இந்த மூன்றையும் ஓர் அடிப்படை அலகுக்குக் கொண்டுவந்தால்தான் இரண்டு சப்ளையர்களின் விலையை ஒப்பிட முடியும், இருப்போடும் பொருத்திப் பார்க்க முடியும். ஸ்டோர் எந்த அலகில் பொருளை வெளியே கொடுக்கிறதோ அதையே அடிப்படை அலகாக வைப்பது வசதி. இங்கே அது ஜோடி.

பெட்டியில் 100 எண்ணம் என்றால் 50 ஜோடி. எனவே ரூ.180 ஐ 50ஆல் வகுக்க, ஜோடிக்கு ரூ.3.60. ரூ.172க்கு ரூ.3.44. ஓர் அட்டைப்பெட்டியில் 500 ஜோடி இருப்பதால், 5 அட்டைப்பெட்டி என்பது 2,500 ஜோடி, 20 அட்டைப்பெட்டி என்பது 10,000 ஜோடி.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை, 100 எண்ணத்தை 100 ஜோடியாக எடுத்துக்கொள்வது. அப்போது விலை ஜோடிக்கு ரூ.1.80 என்று தாளில் ஏறிவிடும். அந்த சப்ளையர்தான் மிக மலிவு என்று தோன்றும். இத்தகைய பிழையைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி உண்டு. புதிய விலையைப் பழைய ஒப்பந்த விலையாலோ கடைசி பில்லின் விலையாலோ வகுத்துப் பார்க்க வேண்டும். உண்மையான விலையேற்றம் 4 சதவீதம், 7 சதவீதம் என்று ஒழுங்கற்ற எண்ணாக வரும். விடை துல்லியமாகப் பாதியாகவோ இரண்டு மடங்காகவோ வந்தால் ஜோடிக்கும் எண்ணிக்கைக்கும் இடையிலான குழப்பம் என்று சந்தேகிக்கலாம். பத்து மடங்கு என்றால் பெட்டி, அட்டைப்பெட்டிக் குழப்பம். நூறு மடங்கு என்றால் தசமப் புள்ளி தொலைந்திருக்கும், அல்லது நூறு எண்ணத்துக்கான விலையை ஒன்றுக்கான விலையாக எழுதியிருப்பார்கள்.

அடிப்படை அலகுக்கு மாற்றிய விலையோடு, ஒப்பந்தத்தில் அச்சான விலையையும் பொதி அளவையும் தனிப் பத்திகளில் அப்படியே வைத்திருக்க வேண்டும். மாற்றிய விலையை எக்செல் கணக்கிடட்டும். மனக்கணக்காகப் போட்டு விடையை மட்டும் எழுதிவிட்டால், பிழை எங்கே நுழைந்தது என்று பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

வரியையும் விலையோடு கலக்கக் கூடாது. 2025 செப்டம்பர் 22 அன்று பல மருத்துவப் பொருட்களின் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வரி சேர்த்த விலையை மட்டும் வைத்திருந்த தாள்களில் ஒவ்வொரு எண்ணையும் மாற்ற வேண்டியிருக்கும். அடிப்படை விலை ஒரு பத்தியிலும் வரி விகிதம் இன்னொரு பத்தியிலும் இருந்தால் விகிதத்தை மாற்றினால் போதும்.

தேதி

ஓராண்டுக்குச் செல்லும் என்ற சொல் தாளில் தேதியாக மாற வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் ஓராண்டு என்றால் கடைசி நாள் 2026 மார்ச் 31. ஏப்ரல் 1 என்று எழுதிவிட்டால், அதே நாளில் புதிய ஒப்பந்தம் தொடங்கும்போது அந்த ஒரு நாளுக்கு இரண்டு விலை கிடைக்கும். எக்செலில் தொடக்கத் தேதி E2வில் இருந்தால் முடிவுத் தேதியை இப்படிக் கணக்கிடலாம்:

```
=EDATE(E2,12)-1
```

ஓராண்டு எந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கையெழுத்தான நாள், சப்ளையர் ஏற்றுக்கொண்ட நாள், முதல் ஆர்டர் போட்ட நாள் என்று ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் இது மாறும். ஏற்றுக்கொண்ட நாள் என்று இருந்தால் அந்தத் தேதி ஒப்பந்தத்திலேயே இருக்காது. சப்ளையர் அனுப்பிய பதில் கடிதத்தில்தான் கிடைக்கும்.

மூன்று மாதம் நீட்டிக்கலாம் என்ற வரியைப் பார்த்து முடிவுத் தேதியை ஜூன் 30 என்று எழுதிவிடக் கூடாது. அது வாய்ப்பு மட்டுமே. நீட்டிப்புக் கடிதம் வந்த பிறகே தேதி மாற வேண்டும். அதுவரை மார்ச் 31தான் கடைசி நாள்.

திருத்தம் வந்தால் பழைய விலையை அழித்துப் புதியதை எழுதுவதே பலரின் வழக்கம். அதைத் தவிர்க்க வேண்டும். பழைய வரியின் முடிவுத் தேதியை 2025 செப்டம்பர் 30 என்று மாற்றிவிட்டு, அக்டோபர் 1 முதல் தொடங்கும் புதிய வரியைச் சேர்க்க வேண்டும். காரணம், பழைய விலைக்கான தேவை அன்றோடு தீர்வதில்லை. செப்டம்பர் 28 அன்று 10 அட்டைப்பெட்டிக்கு, அதாவது 100 பெட்டிக்கு, ஆர்டர் போட்டிருந்தால் விலை ரூ.18,000. சரக்கு அக்டோபர் 8 அன்று வந்து, பில் 188 ரூபாய்க் கணக்கில் ரூ.18,800 என்று இருக்கலாம். இந்த ஒப்பந்தத்தின் திருத்தம் ஆர்டர் போட்ட நாளையே கணக்கில் கொள்வதால் 800 ரூபாய் கூடுதலாகக் கேட்கப்பட்டிருக்கிறது. பழைய வரி தாளில் இருந்தால்தான் பில் சரிபார்ப்பவர் இதைக் காண முடியும். சில ஒப்பந்தங்களில் சரக்கு அனுப்பிய நாளின் விலையே செல்லும். அத்தகையவற்றைத் தனிப் பத்தியில் குறித்துவைக்க வேண்டும்.

எக்செலில் தேதி சார்ந்த இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. கணினி அமெரிக்க முறையில் அமைக்கப்பட்டிருந்தால், 05/04/2025 என்று ஒட்டியது ஏப்ரல் 5 ஆகாமல் மே 4 ஆகிவிடும். 25/04/2025 என்பதை அது தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும். ஆகவே ஒரே பத்தியில் சில தேதிகள் தவறாகவும் சில தேதிகள் எழுத்தாகவும் நிற்கும். எழுத்தாக நிற்பவை கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டியிருக்கும். ISNUMBER சூத்திரம் அவற்றுக்கு FALSE என்று காட்டும். அப்படி ஒன்று தென்பட்டாலும் அந்தப் பத்தி முழுவதையும் மூல ஆவணத்தோடு ஒப்பிட வேண்டும். மாதத்தைப் பெயராகக் காட்டும் வடிவத்தில் தேதியை வைத்திருந்தால் நாளும் மாதமும் இடம் மாறியது உடனே தெரியும்.

குறைந்தபட்ச அளவு

குறைந்தபட்ச ஆர்டர் என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு நிபந்தனைகள் ஒப்பந்தங்களில் இருக்கின்றன. ஒரு பொருளுக்கு இவ்வளவு என்பது முதலாவது. முழு ஆர்டருக்கும் இவ்வளவு ரூபாய் என்பது இரண்டாவது. உடைக்காத பொதியாகவே வாங்க வேண்டும் என்பது மூன்றாவது. ஒரே பத்தியில் 5 என்று எழுதிவைத்தால் இந்த மூன்றில் எது என்று தெரியாது.

கையுறைக் கணக்கிலேயே இதன் விளைவைப் பார்க்கலாம். 5 அட்டைப்பெட்டி என்றால் 50 பெட்டி, மதிப்பு ரூ.9,000. பொருளுக்கான நிபந்தனை நிறைவேறுகிறது, ஆனால் ரூ.15,000 என்ற மொத்த மதிப்பு எட்டப்படவில்லை. கையுறை மட்டும் வாங்குவதானால் பழைய விலையில் 9 அட்டைப்பெட்டி வாங்கினால்தான் ரூ.16,200 ஆகி அந்த வரம்பைத் தாண்டும். அதே சப்ளையரிடம் சிரிஞ்சும் பஞ்சும் சேர்த்து ரூ.6,000க்கு வாங்குவதானால் 5 அட்டைப்பெட்டியே போதும். எனவே பொருளுக்கான குறைந்தபட்ச அளவும் பொதியின் மடங்கும் பொருளின் வரியில் இருக்க வேண்டும். மொத்த மதிப்பின் வரம்பு, சப்ளையர்களுக்கான தனித் தாளில், ஒரு சப்ளையருக்கு ஒரு வரி என்று இருக்க வேண்டும்.

அளவைப் பொறுத்து விலை குறையும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு வரி தேவை. கையுறையின் முதல் படி 2,500 முதல் 9,999 ஜோடி வரை, இரண்டாம் படி 10,000 ஜோடியும் அதற்கு மேலும். மேல் வரம்பு இல்லாத படியில் கட்டத்தைக் காலியாக விடக் கூடாது. எக்செல் ஒப்பிடும்போது காலிக் கட்டத்தைப் பூஜ்யமாகக் கொள்ளும், அந்த வரி தேடலில் கிடைக்காது. 9999999 போன்ற பெரிய எண்ணை இட்டால் சரியாகிவிடும்.

படிகளைப் பிரித்துவைப்பதில் ஒரு நேரடிப் பயனும் உண்டு. பழைய விலையில் 19 அட்டைப்பெட்டி ரூ.34,200. 20 அட்டைப்பெட்டி ரூ.34,400. 200 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் 500 ஜோடி கூடுதலாகக் கிடைக்கிறது. காலாவதிக்குள் அது செலவாகும் என்றால் 20 ஆக வாங்குவதே சரி.

காகிதத்திலிருந்து தாளுக்கு

ஒப்பந்தம் பிடிஎஃப் கோப்பாக வந்தால் முதலில் சுட்டியால் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்துப் பார்க்க வேண்டும். எழுத்துகள் தேர்வானால் உள்ளே உண்மையான எழுத்து இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 365இன் எக்செலில் Data, Get Data, From File, From PDF என்ற வழியில் பட்டியலை நேராக இழுத்துக்கொள்ளலாம். அப்படி இழுத்ததில் இரண்டு குறைகள் வழக்கமாக இருக்கும். ஒன்று, பல அளவுகளுக்குப் பொதுவாக ஒரே கட்டத்தில் எழுதிய பொருளின் பெயர் முதல் வரியில் மட்டும் நிற்கும். மற்ற வரிகளில் அதை நிரப்ப வேண்டும். மற்றொன்று, நட்சத்திரக் குறியிட்ட அடிக்குறிப்புகள் பட்டியலுக்கு வெளியே போய்விடும். வண்டி வாடகை தனி என்ற செய்தி பெரும்பாலும் அத்தகைய அடிக்குறிப்பில்தான் இருக்கும்.

எழுத்துகள் தேர்வாகாவிட்டால் அது ஸ்கேன் செய்த படம். படத்தைப் படித்து எழுத்தாக்கும் மென்பொருள்கள் 3ஐ 8 ஆகவும் 1ஐ 7 ஆகவும் மாற்றிவிடக் கூடும். தசமப் புள்ளியையும் விட்டுவிடக் கூடும். 2010இல் ஏற்கப்பட்ட ₹ குறி இன்னொரு தொல்லை. சில மென்பொருள்கள் அதையே 7 அல்லது 2 என்று படித்து, ₹180ஐ 7180 ஆக்கிவிடும். எனவே ஸ்கேன் பட்டியல்களை இரண்டு பேர் தனித்தனியாகத் தட்டி, இரண்டையும் ஒப்பிடுவதே நம்பகமானது. இருவரும் ஒரே இடத்தில் ஒரே பிழை செய்வது அரிது.

"Rs.180/-" என்று அச்சானவற்றைச் சுத்தம் செய்வதிலும் கவனம் வேண்டும். எழுத்துகளை நீக்கிவிட்டு எண்ணையும் புள்ளியையும் மட்டும் வைத்துக்கொண்டால், Rs என்பதன் பின்னுள்ள புள்ளியும் ஒட்டிக்கொண்டு .180 ஆகிவிடும். அது 18 பைசா. முதலில் "Rs." முழுவதையும் நீக்கிவிட்டு மற்றதைச் செய்ய வேண்டும்.

தேடும் சூத்திரம்

இவ்வளவும் முடிந்தால் தாளின் பத்திகள் இப்படி அமையும்: A பொருள் குறியீடு, B சப்ளையர், C படியின் கீழ் அளவு, D மேல் அளவு, E தொடக்கத் தேதி, F முடிவுத் தேதி, G அடிப்படை அலகின் விலை, H மூலம். அச்சான விலை, பொதி அளவு, வரி விகிதம் முதலியவை அதற்கடுத்த பத்திகளில் வரும். கையுறை இப்போது நான்கு வரிகளாக நிற்கும்: செப்டம்பர் 30 வரை 3.60, 3.44, அக்டோபர் 1 முதல் 3.76, 3.60.

தேடும் தாளில், அதாவது இன்னொரு பக்கத்தில், A2வில் குறியீடும் B2வில் ஜோடி எண்ணிக்கையும் C2வில் ஆர்டர் தேதியும் இருந்தால் சூத்திரம் இது. மூலத் தாளின் பெயர் RC:

```
=FILTER(RC!A2:H500,
 (RC!A2:A500=A2)*(RC!C2:C500<=B2)*
 (RC!D2:D500>=B2)*(RC!E2:E500<=C2)*
 (RC!F2:F500>=C2),"விலை இல்லை")
```

பலருக்கும் பழகிய VLOOKUP இங்கே பொருந்தாது. அது பொருந்தும் முதல் வரியோடு நின்றுவிடும். கடைசி இடத்தில் FALSE இடாவிட்டால் தோராயமாகப் பொருந்தும் வரியையும் எடுத்துக்கொள்ளும். FILTER பொருந்தும் எல்லா வரிகளையும் காட்டும். இரண்டு சப்ளையர்கள் இருந்தால் இரண்டு விலையும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். ஒரே சப்ளையருக்கு இரண்டு வரி வந்தால் தாளில் பிழை இருக்கிறது என்று பொருள். அந்தப் பிழையை முன்கூட்டியே பிடிக்க RC தாளில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு சோதனைப் பத்தி வைக்கலாம்:

```
=COUNTIFS(A:A,A2,B:B,B2,C:C,"<="&D2,D:D,">="&C2,
 E:E,"<="&F2,F:F,">="&E2)
```

ஒரே பொருளுக்கு, ஒரே சப்ளையரிடம், அளவும் காலமும் ஒன்றன்மேல் ஒன்று விழும் வரிகளை இது எண்ணுகிறது. வரி தன்னையே எண்ணிக்கொள்வதால் விடை 1 ஆக இருக்க வேண்டும். 2 என்று வந்தால் முடிவுத் தேதியை மூட மறந்த பழைய வரி எங்கோ இருக்கிறது.

கட்டத்தில் அடங்காதவை

எல்லா நிபந்தனைகளும் எண்ணாக மாறா. தாமிரக் கம்பி போன்ற பொருட்களின் விலை உலோகச் சந்தை விலையோடு மாதந்தோறும் மாறும்படி எழுதப்பட்டிருக்கும். வேறு யாருக்காவது குறைந்த விலைக்கு விற்றால் இங்கேயும் குறைக்க வேண்டும் என்ற விலைவீழ்ச்சி விதி சில ஒப்பந்தங்களில் உண்டு. இவற்றுக்கு ஓர் எண்ணை இட்டால் அது நிலையான விலைபோலத் தோற்றம் தரும். அத்தகைய வரிகளில் விலைப் பத்தியைக் காலியாக விட்டு, குறிப்புப் பத்தியில் பிரிவு எண்ணை எழுதுவதே சரி.

H பத்தியில் உள்ள மூலம், ஒப்பந்த எண், திருத்த எண், பக்கம், பிரிவு ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். விலை பற்றி சப்ளையர் மறுப்புத் தெரிவித்தால் எக்செல் தாள் சாட்சியாகாது. கையெழுத்தான ஒப்பந்தமே சாட்சி. அந்தப் பக்கத்தை உடனே எடுத்துக் காட்ட உதவுவது இந்தப் பத்திதான். முடிவுத் தேதிக்கு 60 நாள் முன்பே அந்த வரி நிறம் மாறும்படி அமைத்துவிட்டால், புதிய கொட்டேஷன் கேட்கவும் நீட்டிப்புக் கடிதம் வாங்கவும் நேரம் கிடைக்கும். காலம் முடிந்த வரிகளை நீக்க வேண்டியதில்லை. தேதி நிபந்தனையே அவற்றைத் தேடலிலிருந்து விலக்கிவிடும். அந்தக் காலத்தின் பில்களும் தணிக்கையும் முடியும்வரை அவை தாளில் இருக்கலாம்.